வாவி நீர்மட்ட வரைபின் உச்சத்தில் காரணம் எழுதுவது எப்படி

மட்டக்களப்பில் மார்கழி மாதம் பிறந்தால் எல்லோர் கண்ணும் வாவியில்தான் இருக்கும். பாலத்துக் காலில் கோடு போட்டுவைத்து காலையும் மாலையும் எட்டிப்பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரு மாரிக்கு அப்படித்தான் செய்தார்கள். கரையில் நட்ட அளவுக்கம்பை ஒவ்வொரு நாளும் காலை 7 மணிக்குப் பார்த்து, கொப்பியில் எழுதி, மாதமுடிவில் எக்செலில் கோட்டு வரைபு போட்டார்கள். கோடு ஏறி, ஓரிடத்தில் உச்சிக்குப் போய், சடாரென்று இறங்கியது. உச்சியில் ஒரு குறிப்புப் பெட்டி வைத்து, "கனமழையால் நீர்மட்டம் உயர்ந்தது" என்று எழுதி ஒட்டினார்கள்.

வரைபைப் பார்க்க வந்த ஒரு தோணிக்கார ஐயா அந்தப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கேட்டார்: "மகள், இந்த நாளில மழை பெய்ததா?"

"இல்ல அப்பப்பா. மழை விட்டு ரெண்டு நாள்."

"அப்ப இது மழை எண்டு ஏன் எழுதியிருக்கு?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வழிகாட்டி பிறந்தது. உச்சியில் ஒரு பெட்டியை வைப்பது இரண்டு நிமிட வேலை. அதற்குள் எழுதும் ஒரு வரி சரியாக இருப்பதும், நாளைக்கு எண் மாறினாலும் அது பொய்யாகாமல் இருப்பதும்தான் உண்மையான வேலை. இரண்டையும் ஓர் உதாரணத்தோடு செய்து காட்டுகிறேன்.

முதலில் எண்கள்

கீழே உள்ள எண்கள் பழகுவதற்காக நானே எழுதியவை. எந்த ஆண்டின் அளவும் அல்ல. ஆனால் மாரியில் வாவி நடந்துகொள்ளும் விதத்தை ஒட்டியே எழுதியிருக்கிறேன். நீர்மட்டம் சென்ரிமீற்றரில், மழை மில்லிமீற்றரில். இரண்டும் காலை 7 மணிக்கு எடுத்தவை. மழை என்பது அதற்கு முந்திய 24 மணித்தியாலத்தில் பெய்தது.

```
நாள்      நீர்மட்டம்   மழை
டிச. 1      42        0
டிச. 2      43        3
டிச. 3      45       12
டிச. 4      52       48
டிச. 5      61       61
டிச. 6      74       85
டிச. 7      88       92
டிச. 8      97       14
டிச. 9     104        0
டிச. 10    108        0
டிச. 11     83        0
டிச. 12     70        0
டிச. 13     62        0
டிச. 14     57        0
டிச. 15     54        0
டிச. 16     52        0
```

இன்னொரு விவரமும் கையில் இருக்கிறது: 10ஆம் திகதி பிற்பகல், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்மேடு வெட்டப்பட்டது. இதை எழுதிவைத்திருக்காவிட்டால் இந்த வரைபுக்குக் காரணமே எழுத முடியாது. அளவுக் கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் "இன்று என்ன நடந்தது" என்று ஒரு நிரல் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் நாள் பிசகும். ஒரு நாள் பிசகினாலே காரணம் தலைகீழாகிவிடும்.

வரைபு போடுமுன் உச்ச எண் உண்மையா என்று பாருங்கள். 108 என்பதை 180 என்று எழுதியிருந்தால், வரைபில் ஒரு நாள் மட்டும் ஊசிபோல் குத்திக்கொண்டு நிற்கும். ஏறாவூர்ப் பக்கம் தொடங்கி கல்முனை வரை சுமார் 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிற வாவி, ஒரே இரவில் முக்கால் மீற்றர் ஏறி மறுநாள் பழைய இடத்துக்கே வந்து நிற்காது. உச்சத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள எண்கள் அதை நோக்கி ஏறிவருகின்றனவா என்று பார்த்தால் போதும். இங்கே 97, 104, 108 என்று படிப்படியாக வருகிறது. நம்பலாம்.

உச்சத்துக்கு இரண்டு கேள்விகள்

பிள்ளைகள் விட்ட பிழை எங்கே இருந்தது? அவர்கள் ஒரு கேள்விதான் கேட்டார்கள்: தண்ணீர் ஏன் ஏறியது? ஆனால் உச்சம் என்பது ஏற்றம் நின்ற இடம். ஆகவே உச்சத்தைப் பற்றி எழுதும்போது, ஏன் ஏறியது என்பதோடு ஏன் அந்த இடத்தில் நின்று திரும்பியது என்பதையும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

முதல் கேள்வியை எடுப்போம். ஆகக் கூடுதலான மழை 7ஆம் திகதிக் காலை வரை பெய்த 92 மில்லிமீற்றர். உச்சமோ 10ஆம் திகதி. இடையில் மூன்று நாள். ஏனென்றால் வாவிக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு வாவிக்கு மேல் நேரே பெய்தது அல்ல. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களிலும் குளங்களிலும் விழுந்து, ஓடைகள் வழியாக வடிந்து வந்து சேர்வது அது. வயல் நிரம்பி வழிய நேரம் எடுக்கும், குளம் வான் பாய நேரம் எடுக்கும். அந்த ஐயா அன்று சொன்னது இதைத்தான்: "மழை விட்ட பிறகுதான் தம்பி தண்ணி வரும்."

எண்களும் அதையே சொல்கின்றன. ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஏறியது என்று கழித்துப் பாருங்கள். 7ஆம் திகதி 14, 8ஆம் திகதி 9, 9ஆம் திகதி 7, 10ஆம் திகதி 4. மழை குறைந்த பிறகும் ஏறுகிறது, ஆனால் ஏற்றம் தளர்ந்துகொண்டே வருகிறது. வடிந்து வரும் தண்ணீர் ஓய்கிறது என்பதற்கு இது அடையாளம்.

இரண்டாவது கேள்வி: ஏன் திரும்பியது? 10ஆம் திகதிக் காலைக்கும் 11ஆம் திகதிக் காலைக்கும் இடையில் 25 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது. மணல்மேடு அடைத்த வாவியிலிருந்து தண்ணீர் போக வழி குறைவு. வெயிலில் ஆவியாகி ஒரு நாளைக்கு அரை சென்ரிமீற்றர் போனாலே பெரிது. மாரி வானத்தின்கீழ் அதுவும் போகாது. ஆகவே 25 சென்ரிமீற்றர் போனதென்றால் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். முகத்துவாரம் வெட்டிய நேரம் அந்த இடைவெளிக்குள் சரியாக விழுகிறது. அதற்குப் பிறகு இறக்கம் 25, 13, 8, 5, 3 என்று தளர்வதும் பொருந்துகிறது. வாவிக்கும் கடலுக்கும் உள்ள மட்ட வித்தியாசம் குறையக் குறைய ஓட்டமும் குறையும்.

இந்த எண்களை வைத்துச் சொல்லக்கூடாத ஒன்றும் உண்டு. "முகத்துவாரம் வெட்டியதால் வெள்ளம் தடுக்கப்பட்டது" என்று எழுத ஆசை வரும். ஆனால் ஏற்றம் ஏற்கெனவே 4 சென்ரிமீற்றருக்குத் தளர்ந்திருந்தது. வெட்டாமல் விட்டிருந்தால் 110 அளவில் நின்று பல நாள் தேங்கிக் கிடந்திருக்கலாம், அல்லது அடுத்த மழையில் இன்னும் ஏறியிருக்கலாம். இந்த 16 எண்களில் அதற்குப் பதில் இல்லை. வெட்டியதும் இறங்கியது என்பதற்குச் சான்று இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆல், பிறகு, போது

காரணக் குறிப்பில் ஒரு சின்ன உருபோ சொல்லோதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. "மழையால் உயர்ந்தது" என்றால் மழைதான் காரணம் என்று நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள். "மழைக்குப் பிறகு உயர்ந்தது" என்றால் எது முன், எது பின் என்பதை மட்டும் சொல்கிறீர்கள். "மழையின்போது உயர்ந்தது" என்றால் இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்பதோடு சரி. வாசிப்பவர் இதை நின்று யோசிக்கமாட்டார், ஆனால் அவர் மனதில் அது பதிந்துவிடும்.

நான் இப்படி முடிவெடுப்பேன். இது எப்படி நடந்தது என்று வழியைச் சொல்ல முடிந்து, நாட்களும் ஒத்துவந்து, வேறு காரணம் ஒன்றை எண்களாலேயே தள்ளிவிட முடிந்தால் "ஆல்". நாட்கள் மட்டும் ஒத்துவந்தால் "பிறகு". அதுவும் உறுதியில்லையென்றால் காரணமே எழுதாமல் உச்ச எண்ணையும் திகதியையும் மட்டும் விடுவேன். வெறும் எண் உள்ள பெட்டியால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

நம் வரைபுக்கு நான் எழுதும் குறிப்பு இது:

```
108 செ.மீ.
4–7 பெய்த மழைநீர் வந்து தேங்கியது;
முகத்துவாரம் வெட்டியதும் இறங்கியது
```

இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. "தேங்கியது" என்ற ஒரு சொல்லே வாசல் அடைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறது. "வெட்டியதும்" என்பது நேரத்தைச் சொல்கிறது, வெள்ளத்தைத் தடுத்த பெருமையை யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. திகதியைத் திரும்ப எழுதவில்லை, அது கீழே அச்சில் இருக்கிறது. இதைவிட நீண்டால் பெட்டி வரைபை விழுங்கிவிடும். தமிழ் எழுத்து அகலமாக இடம்பிடிக்கும் என்பதால் ஒரு வரிக்கு நான்கைந்து சொற்களுக்கு மேல் போகாதீர்கள்.

எக்செலில் செய்வது

பலரும் வரைபு போட்டபின் ஒரு எழுத்துப் பெட்டியைக் கையால் இழுத்து உச்சியில் வைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு உச்சம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு எண்ணைத் திருத்தினால் கோடு நகரும், பெட்டி பழைய இடத்திலேயே நிற்கும். வரைபைத் தெரிவுசெய்யாமல் பெட்டியைப் போட்டிருந்தால், வரைபை வேறு கோப்புக்குப் பிரதி எடுக்கும்போது அது கூட வராமலே போய்விடும். ஆகவே பெட்டியைத் தரவோடு கட்டுவோம். இதற்கு எக்செல் 2013 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும்.

A நிரலில் நாள், B இல் நீர்மட்டம், C இல் மழை என்று மேலே உள்ள எண்களை இடுங்கள். முதல் வரிசை தலைப்பு, எண்கள் 2 முதல் 17 வரை. நாளை "டிச. 1" என்று சொல்லாகவே எழுதுங்கள். வெறும் 1, 2, 3 என்று போட்டால் எக்செல் அதையும் ஒரு கோடாக வரைந்துவிடக்கூடும்.

D நிரலின் தலைப்பு "காரணம்". டிச. 10 உள்ள வரிசையில், அதாவது D11 இல், மேலே எழுதிய குறிப்பின் கடைசி இரண்டு வரிகளை இடுங்கள். ஒரே கட்டத்துக்குள் அடுத்த வரிக்குப் போக `Alt+Enter`. மற்ற D கட்டங்கள் வெறுமையாக இருக்கட்டும்.

E நிரலின் தலைப்பு "உச்சம்". E2 இல் இதை எழுதி 17ஆம் வரிசை வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(AND(B2=MAX($B$2:$B$17),COUNTIF($B$2:B2,B2)=1),B2,NA())
```

உச்ச நாளில் மட்டும் 108 வரும், மற்ற இடமெல்லாம் `#N/A` என்று நிற்கும். பார்க்கப் பிழைபோலத் தெரிந்தாலும் அது வேண்டுமென்றே வைத்தது, அழிக்காதீர்கள். கோட்டு வரைபில் `#N/A` உள்ள இடத்துக்குப் புள்ளி விழாது. அதற்குப் பதில் `""` போட்டால் எக்செல் அதைப் பூச்சியமாக எடுத்து, அடியில் ஒரு கோடு இழுத்துவிடும். `COUNTIF` பகுதி எதற்கென்றால், இரண்டு நாள் ஒரே உச்ச அளவு வந்தால் இரண்டு பெட்டி முளைக்காமல் முதல் நாளை மட்டும் பிடிக்க. அப்படி வந்தால் "இரண்டு நாள் நின்றது" என்று குறிப்பிலும் எழுதிவிடுங்கள்.

F நிரலின் தலைப்பு "குறிப்பு". F2 இல்:

```
=IF(ISNUMBER(E2),B2&" செ.மீ."&CHAR(10)&IF(D2="","காரணம் பார்க்க வேண்டும்",D2),"")
```

இதையும் 17 வரை இழுங்கள். இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாக நினைக்கும் வரி இதுதான். எண்ணை எக்செல் தேடி எடுக்கலாம், காரணத்தை அது அறியாது. காரணத்தை ஓர் இடத்தில் எழுதிவைத்து "உச்சம் எங்கே போனாலும் இதைக் காட்டு" என்று விட்டால், நாளைக்கு உச்சம் வேறு நாளுக்கு மாறும்போது பழைய காரணம் புதிய நாளில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும், முழுப் பொய்யாக இருக்கும். D நிரலில் காரணம் அந்தந்த நாளோடு கட்டப்பட்டிருப்பதால் அது நகராது.

இனி வரைபு. A1 முதல் B17 வரை தெரிவுசெய்து, `Ctrl` விசையை அழுத்தியபடி E1 முதல் E17 வரையும் தெரிவுசெய்யுங்கள். `Insert` தாவலில் `Line` வரைபைப் போடுங்கள். நீர்மட்டக் கோடு தெரியும். உச்சத் தொடர் ஒரே புள்ளி என்பதால் கண்ணுக்குத் தெரியாது, எலியாலும் பிடிபடாது. வரைபைத் தெரிவுசெய்து, `Format` தாவலின் இடது ஓரத்தில் உள்ள பட்டியலில் `Series "உச்சம்"` என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கீழே உள்ள `Format Selection` ஐ அழுத்தி, `Marker` பகுதியில் `Built-in` வட்டம் ஒன்றை அளவு 9 இல் வையுங்கள். கடும் சிவப்பு போதும், நீர்மட்டக் கோடு அடங்கிய நீலமாக இருக்கட்டும்.

அந்தத் தொடர் தெரிவில் இருக்கும்போதே, வரைபின் பக்கத்தில் வரும் + அடையாளத்தில் `Data Labels`, அதற்குள் `Data Callout`. வால் உள்ள பெட்டி ஒன்று புள்ளியில் வந்து நிற்கும், உள்ளே நாளும் எண்ணும் இருக்கும். பெட்டியில் வலச்சொடுக்கி `Format Data Labels` திறந்து, `Value From Cells` ஐத் தெரிவுசெய்து F2 முதல் F17 வரை காட்டுங்கள். பிறகு `Category Name`, `Value` இரண்டின் சரியடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். நம் மூன்று வரிகள் பெட்டிக்குள் வந்துவிடும்.

பெட்டி எங்கே நிற்க வேண்டும்

பெட்டி கோட்டின்மேல் படுத்துக்கிடந்தால் அது சுட்டும் பொருளையே மறைத்துவிடும். நிலைக்குத்து அச்சில் வலச்சொடுக்கி `Format Axis` இல் `Maximum` ஐ 150 ஆக்குங்கள். உச்சத்துக்கு மேலே வெற்றிடம் கிடைக்கும். பிறகு பெட்டியை வலது பக்கமாக மேலே இழுத்து விடுங்கள். கோடு 10ஆம் திகதிக்குப் பிறகு இறங்கிப்போவதால் அந்தப் பக்கம் இயல்பாகவே காலி. உச்சம் வலது ஓரத்தில் வந்த வரைபென்றால் பெட்டியை இடது பக்கம் வையுங்கள். வால் குறுகியதாக, கோட்டைக் குறுக்கே வெட்டாமல் புள்ளியைத் தொட வேண்டும்.

பெட்டியின் பின்னணி வெள்ளை, எல்லைக்கோடு மெல்லிய சாம்பல். நிழல் வேண்டாம். எழுத்துக்கு `Nirmala UI`. தொடர்களின் பெயர் காட்டும் விளக்கப் பெட்டியை அழித்துவிட்டு, தலைப்பில் "வாவி நீர்மட்டம், தினமும் காலை 7 மணி அளவு" என்று எழுதுங்கள். "காலை 7 மணி" என்பதை விடாதீர்கள். தண்ணீர் அன்று மத்தியானம் 109 இலோ 110 இலோ நின்றிருக்கலாம். நாம் காட்டுவது அளந்த அளவுகளில் உயர்ந்தது.

இரண்டாவது பெட்டி வைக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். "இங்கே மழை தொடங்கியது", "இங்கே பாலமருகே தண்ணீர் வந்தது" என்று போட்டுக்கொண்டே போனால் உச்சம் கூட்டத்தில் தொலைந்துவிடும். எது வாசிப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியதோ அதற்கு மட்டும் ஒரு பெட்டி.

அனுப்புமுன்

எங்கள் ஊரில் இப்படியான வரைபு கடைசியில் வட்ஸ்அப்பில்தான் சுற்றும். வரைபில் வலச்சொடுக்கி `Save as Picture` கொடுத்து, PNG ஆகச் சேமித்து, முதலில் உங்களுக்கே அனுப்பி, போனில் விரித்துப் பார்க்காமல் அப்படியே வாசியுங்கள். கை நீட்டிய தூரத்தில் குறிப்பு படிக்கவில்லையென்றால் எழுத்தைப் பெருப்பியுங்கள். பெருப்பிக்க இடமில்லையென்றால் சொல்லைக் குறையுங்கள்.

பிறகு அந்த நிகழ்வை நேரில் கண்ட ஒருவரிடம் காட்டுங்கள். எங்களுக்கு அந்த ஐயா கிடைத்தார். பிள்ளைகள் புதிய குறிப்போடு வரைபைக் கொண்டுபோனபோது அவர் மூன்று வரியையும் வாசித்துவிட்டு, "ஓம், இப்பிடித்தான் நடந்தது" என்றார். ஒரு சொல்லும் மாற்றச் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு சோதனை. B10 இல், அதாவது டிச. 9 க்கு, 104 ஐ அழித்து 112 என்று போட்டுப் பாருங்கள். சிவப்புப் புள்ளி ஒரு நாள் இடது பக்கம் தாவ வேண்டும், பெட்டியும் கூடப் போக வேண்டும், உள்ளே "112 செ.மீ. காரணம் பார்க்க வேண்டும்" என்று இருக்க வேண்டும். முகத்துவாரத்தைப் பற்றிய பழைய வரிகள் இன்னும் தெரிந்தால், F நிரலில் D கட்டத்தின் இலக்கம் பிசகியிருக்கிறது என்று அர்த்தம். அதைத் திருத்திவிட்டு, B10 இல் 104 ஐத் திரும்ப எழுதிவிடுங்கள்.